கருங்கூந்தலுக்கு லைட்ரூமில் நிறம் ஏறுமா?

கல்யாண ஆல்பம் போடும் ஸ்டுடியோக்களுக்கு முடி நிறத்தைப் பற்றி வரும் கோரிக்கைகள் பெரும்பாலும் இரண்டு வகை. "அப்பா தலையில மருதாணி ரொம்பச் செவப்பாத் தெரியுதுண்ணா, கொஞ்சம் அடக்கிக் குடுங்க" என்பது ஒன்று. "என் முடிய பர்கண்டி கலரா மாத்தித் தர முடியுமாண்ணா?" என்பது இன்னொன்று. கேட்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே வேலையாகத்தான் தெரியும். படத்தைத் திருத்துகிறவருக்கு முதலாவது சட்டென்று முடிகிற வேலை. இரண்டாவதில் பாதி தூரம் போனதும் முடி முடியாக இல்லாமல், செவ்விளக்கு பட்ட கருங்கம்பளிபோல் ஆகிவிடும். எந்த ஸ்லைடரை எவ்வளவு நகர்த்துவது என்பதைவிட, இந்த இரண்டு வேலைக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்வதுதான் முக்கியம்.

லைட்ரூமில் இதற்குப் பயன்படுபவை இரண்டு. முதலாவது எச்.எஸ்.எல். பேனல். புதிய பதிப்புகளில் இதற்குக் கலர் மிக்ஸர் என்று பெயர். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, ஆக்வா, நீலம், பர்ப்பிள், மெஜந்தா என்று படத்தின் நிறங்களை எட்டுக் குடும்பமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சாயல், செறிவு, வெளிச்சம் என்ற மூன்று ஸ்லைடர்களைத் தருகிறது. ஆரஞ்சின் செறிவைக் குறைத்தால் படம் முழுக்க எங்கெல்லாம் ஆரஞ்சு இருக்கிறதோ அங்கெல்லாம் குறையும். அது முடியா, முகமா, பட்டுச்சேலையா என்று அந்தப் பேனலுக்குத் தெரியாது. இரண்டாவது அட்ஜஸ்ட்மென்ட் பிரஷ். 2021 அக்டோபரில் வந்த பதிப்பிலிருந்து இது மாஸ்க்கிங் பேனலுக்குள் இருக்கிறது; பழைய கே விசையே இன்றும் அதைத் திறக்கிறது. இது இடத்தைப் பார்க்கும், நிறத்தைப் பார்க்காது. நாம் தீட்டிய இடத்தில் மட்டும் வெளிச்சம், செறிவு, சாயல் மாறும். விரும்பினால் ஒரு நிறச்சாயத்தையும் ஏற்றலாம்.

எதைத் தொடுவதற்கு முன்பும் ஒரு சோதனை செய்ய வேண்டும். டெவலப் பகுதியில் மவுஸைப் படத்தின் மேல் கொண்டுபோனால் ஹிஸ்டோகிராமுக்குக் கீழே ஆர், ஜி, பி என்று மூன்று எண்கள் சதவீதத்தில் ஓடும். அந்தப் புள்ளியில் சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் அது. மூன்று எண்களுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியே நிறம். இடைவெளி பெரிதாக இருந்தால் அங்கே நிறம் இருக்கிறது, அதைத் திருப்பலாம், கூட்டலாம், குறைக்கலாம். மூன்றும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் அங்கே திருப்புவதற்கு எதுவும் இல்லை.

மருதாணித் தலையை முதலில் பார்ப்போம். மருதாணியிலுள்ள லாசோன் என்ற சாயம் நரைமுடியில் நன்றாக ஒட்டி ஆரஞ்சாகத் தெரியும். கருமுடியில் அது இருப்பதே எளிதில் தெரியாது. அதனால்தான் ஃபிளாஷ் வெளிச்சத்தில் காதோரமும் நெற்றி மேட்டும் மட்டும் கேரட் நிறத்தில் பளிச்சிடுகின்றன. அப்படி ஓர் இடத்தில் மவுஸை வைத்தால் 48, 27, 14 என்பதுபோல் எண்கள் வரும். இடைவெளி தாராளமாக இருக்கிறது, ஆகவே திருத்துவதற்கு நிறம் இருக்கிறது.

உடனே எச்.எஸ்.எல். பேனலைத் திறந்து ஆரஞ்சைக் குறைக்கத்தான் கை போகும். அப்படிச் செய்தால் அப்பாவின் முகம் சாம்பல் பூத்துவிடும். காரணத்தை எண்களே சொல்கின்றன. அதே படத்தில் கன்னத்தில் 62, 48, 38 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். இந்த எண்களைச் சாயல் வட்டத்தில் கணக்கிட்டால் மருதாணி முடி சுமார் 23 டிகிரியிலும் கன்னம் 25 டிகிரியிலும் நிற்கும். இரண்டுமே ஆரஞ்சுக் குடும்பம். சிவந்த மேனியானாலும் மாநிறமானாலும் கருமேனியானாலும் மனிதத் தோலின் சாயல் பெரும்பாலும் இந்தக் குறுகிய இடத்துக்குள்தான் விழும். மாறுவது வெளிச்சமும் செறிவும்தான். பழுப்பு முடியும் இருண்ட ஆரஞ்சுதான். முடியையும் தோலையும் நிறத்தை மட்டும் வைத்துப் பிரிக்க எச்.எஸ்.எல். பேனலால் ஆகாது. இந்த வழி முதலில் உடைகிற இடம் இது.

எனவே பிரஷை எடுக்க வேண்டும். முடியின் மேல் மட்டும் தீட்டி, செறிவை 30 போலக் குறைத்து, எக்ஸ்போஷரையும் அரை ஸ்டாப் இறக்கினால் கேரட் நிறம் அடங்கி அடர்பழுப்பாகும். ஆரஞ்சை இருட்டாக்கினால் பழுப்பு வரும் என்பதால் சாயலைத் தொட வேண்டிய தேவையே பெரும்பாலும் இருக்காது. தீட்டும்போது கொஞ்சம் நெற்றியில் பட்டுவிட்டால் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு அழித்துவிடலாம். 2023 அக்டோபரில் வந்த பாயின்ட் கலர் இந்த வேலையை இன்னும் சுலபமாக்கியது. அதன் துளிகுழாயால் மருதாணி நிறத்தைத் தொட்டு, அந்த ஒரு நிறத்தை மட்டும், அதுவும் பிரஷ் தீட்டிய இடத்துக்குள் மட்டும் மாற்றலாம். இடத்தையும் நிறத்தையும் சேர்த்துப் பார்க்கிற கருவி அது. முன்பு எச்.எஸ்.எல். பேனலிடம் நாம் எதிர்பார்த்து ஏமாந்ததெல்லாம் இதைத்தான்.

எச்.எஸ்.எல். பேனல் தனியாக வெற்றி பெறும் இடமும் உண்டு. ஒருவர் முடியில் நீலக் கீற்றோ பர்ப்பிள் கீற்றோ போட்டிருந்து, உடையிலும் பின்னணியிலும் அந்த நிறம் இல்லாவிட்டால், பிரஷே வேண்டாம். ஆனால் அங்கேயும் ஒரு வரம்பு. ஒரு குடும்பத்தின் சாயல் ஸ்லைடர் அதை அண்டைக் குடும்பம் வரைதான் தள்ளும். நீலத்தை ஆக்வா பக்கமோ பர்ப்பிள் பக்கமோ நகர்த்தலாம். அதைச் சிவப்பாக்க முடியாது. தொலைவான திருப்பம் வேண்டுமானால் பிரஷுக்குள் இருக்கும் சாயல் ஸ்லைடரைத்தான் பிடிக்க வேண்டும். 2020 ஜூனில் சேர்க்கப்பட்ட அது, வட்டத்தை முழுதாகவே சுற்றும்.

இப்போது பர்கண்டிக்கு வருவோம். ஜன்னலோரம் உட்கார வைத்து எடுத்த படம் என்று கொள்வோம். நடுவகிடு எடுத்து, பின்னலில் மல்லிகை வைத்த பெண். கருங்கூந்தல். நிழல் பக்கம் மவுஸை வைத்தால் 3.5, 3.1, 3.0. மூன்றும் ஒன்றுபோலத்தான். பிரஷின் சாயல் ஸ்லைடரை எந்தப் பக்கம் இழுத்தாலும் எதுவும் நடப்பதில்லை. செறிவை முழுதாக ஏற்றினால் கருப்பு கொஞ்சம் அழுக்குச் செம்பழுப்பாகிறது, அவ்வளவுதான்.

ஆகவே பிரஷில் உள்ள கலர் என்ற கட்டத்தைத் திறந்து, சாயல் 345, செறிவு 50 என்ற அளவில் ஒரு பர்கண்டியைத் தேர்ந்தெடுக்கிறோம். மென்மையான விளிம்பு, குறைந்த ஃப்ளோ. முடி முழுவதும் தீட்டி முடித்து ஓ விசையை அழுத்தினால் எங்கெல்லாம் தீட்டியிருக்கிறோம் என்பது சிவப்புப் படலமாகத் தெரியும். படலத்தை எடுத்துவிட்டுப் படத்தைப் பார்த்தால் முடியில் பெரிய மாற்றமே இருக்காது. உச்சியில் ஜன்னல் வெளிச்சம் பட்ட பளபளப்பு மட்டும் ரோஜா நிறத்துக்குப் போயிருக்கும். மற்ற இடமெல்லாம் கருப்பாகவே நிற்கும்.

பிரஷின் நிறச்சாயம், இருக்கிற வெளிச்சத்துக்குத்தான் நிறம் பூசுகிறது. வெளிச்சம் அதிகமுள்ள இடத்தில் நிறம் நன்றாகத் தெரியும், வெளிச்சமே இல்லாத இடத்தில் பூச எதுவும் இல்லை. வெள்ளை வேட்டியில் தெறித்த சாயம் பளிச்சென்று தெரிவதும், கருப்புச் சட்டையில் தெறித்தது தெரியாமல் போவதும் இதனால்தான்.

உண்மையான பர்கண்டி முடி இதற்கு நேர் எதிராக நடந்துகொள்கிறது என்பதுதான் இதில் பெரிய சிக்கல். முடியிழையில் வெளிச்சம் என்ன ஆகிறது என்பதை ஸ்டீவ் மார்ஷ்னரும் சக ஆய்வாளர்களும் 2003-இல் கணினி வரைகலைக்கான சிக்ராஃப் மாநாட்டில் ஒரு ஆய்வுக்கட்டுரையில் விளக்கினார்கள். அனிமேஷன் படங்களில் முடி வரைவதற்கு இன்றும் அது அடிப்படை. வெளிச்சத்தின் ஒரு பகுதி இழையின் மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பிவிடுகிறது. அது இழைக்குள் போகாததால் முடியின் நிறம் அதில் சேர்வதில்லை. விளக்கு வெள்ளையாக இருந்தால் அந்தப் பளபளப்பும் வெள்ளை. இன்னொரு பகுதி இழைக்குள் புகுந்து மறுபக்கமாக வெளியேறுகிறது. மூன்றாவது பகுதி உள்ளே போய், பின்சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. இந்த இரண்டும் உள்ளே இருக்கும் நிறமியைக் கடந்து வருவதால் நிறம் ஏறி வருகின்றன.

கருமுடியில் மெலனின் அடர்த்தியாக இருக்கிறது. உள்ளே போன வெளிச்சத்தில் பெரும்பகுதியை அது விழுங்கிவிடும். எஞ்சுவது மேற்பரப்பின் வெள்ளைப் பளபளப்பு. நம் கூந்தல் வெயிலில் மின்னும்போது வெள்ளிக்கோடு போலத் தெரிவது அதுதான். சாயம் போட்ட பர்கண்டி முடியிலும் அந்த வெள்ளைப் பளபளப்பு இருக்கும். நிறம் தெரிவது அதற்கு அடுத்த நடுத்தர வெளிச்சப் பகுதியில், இழைக்குள் போய்த் திரும்பிய வெளிச்சத்தில். நம் பிரஷோ வெள்ளையாக இருக்க வேண்டிய பளபளப்பில் நிறத்தைக் கொட்டுகிறது, நிறம் இருக்க வேண்டிய நடுப்பகுதியைக் கருப்பாகவே விட்டுவிடுகிறது. பார்ப்பவருக்கு இந்த விளக்கமெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆயுள் முழுக்க முடியைப் பார்த்துப் பழகிய கண், ஏதோ சரியில்லை என்று சொல்லிவிடும்.

இதை ஓரளவுக்குச் சரிக்கட்டலாம். பிரஷால் தீட்டிய மாஸ்க்கை லூமினன்ஸ் ரேஞ்சோடு இன்டர்செக்ட் செய்து, மிகப் பிரகாசமான பகுதியை வெளியே தள்ளிவிட வேண்டும். பளபளப்பு மறுபடி வெள்ளையாகிவிடும். பிறகு அதே மாஸ்க்கில் எக்ஸ்போஷரை 0.7 போலவும் ஷேடோஸை 40 போலவும் ஏற்றினால் நடுப்பகுதி நிறத்தை வாங்கிக்கொள்ளும் அளவுக்கு வெளிச்சம் பெறும். அதுவும் போதாவிட்டால் மாஸ்க்குக்குள்ளேயே இருக்கும் கர்வ் உதவும். அதில் சிவப்புச் சேனலைத் தேர்ந்தெடுத்து, கீழ் இடது மூலைப் புள்ளியை ஒரு மயிரிழை மேலே தூக்கினால் கருப்புக்குள்ளும் சிவப்பு சேரும். இது பூசுவது அல்ல, கூட்டுவது. இல்லாத இடத்திலும் நிறம் வரும். ஆனால் கொஞ்சம் கூடிப்போனால் முடியின் ஆழம் போய், இழைக்கும் இழைக்கும் நடுவே இருக்கும் நிழலெல்லாம் செம்மூட்டமாகிவிடும். அந்த நிழல்தான் முடிக்கு அடர்த்தி தருகிறது. அதை இழந்தால் பின்னல் தட்டையாகும்.

இப்படிச் செய்து பெறக்கூடியது, வெயிலில் நின்றால் மட்டும் சிவப்பு தெரியும் அடர்பர்கண்டி. என் கணிப்பில் கருங்கூந்தலுக்கு லைட்ரூம் தரக்கூடிய எல்லை அதுதான். அந்த அளவோடு நிறுத்தினால் படம் நம்பும்படி இருக்கும்.

நிறுத்துவதற்கு முன் படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி மூன்று இடங்களைப் பார்த்தே ஆக வேண்டும். முதலில் வகிடு. பிரஷ் முடியையும் தலைத்தோலையும் பிரித்துப் பார்ப்பதில்லை. வகிட்டுக் கோடு இளஞ்சிவப்பாக, புண்பட்டதுபோல் தெரியும். சின்ன பிரஷால் அந்தக் கோட்டை மட்டும் மாஸ்க்கிலிருந்து கழித்துவிட வேண்டும். அடுத்தது மல்லிகை. வெள்ளைப் பூ எந்தச் சாயத்தையும் உடனே காட்டிக்கொடுக்கும். சரத்துக்குள் ஒரு மொட்டு ரோஜா நிறத்தில் இருந்தாலும் கண் நேரே அங்கே போய்விடும். லூமினன்ஸ் ரேஞ்சில் பிரகாசத்தை ஏற்கெனவே ஒதுக்கியிருந்தால் பூவில் பெரும்பகுதி தப்பித்திருக்கும். நிழல் விழுந்த இதழ்களைக் கையால்தான் அழிக்க வேண்டும்.

மூன்றாவது இடம் ஓரம். இந்த வழி இரண்டாவது முறையாக உடைவது இங்கேதான். நெற்றியில் படரும் பூனைமுடியும் காதருகே பறக்கும் இழைகளும் பல நேரம் ஒரு பிக்ஸலைவிட மெல்லியவை. அந்தப் பிக்ஸலில் பாதி முடி, பாதி பின்னணி. அதற்குச் சாயம் ஏற்றினால் பின்னணியும் சேர்ந்து சிவந்து, தலையைச் சுற்றி ஒரு வட்டம் தெரியும். ஏற்றாமல் உள்ளேயே நிறுத்திக்கொண்டால் பர்கண்டித் தலையைச் சுற்றிக் கருப்பு இழைகள் நிற்கும். ஆட்டோ மாஸ்க்கைப் போட்டால் தீர்ந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். பிரஷின் நடுப்புள்ளியில் உள்ள நிறத்தைப் பார்த்து அதைப் போன்ற இடத்தில் மட்டும் தீட்டுவது அதன் வேலை. பாதி கலந்த பிக்ஸலில் அதற்கு எந்தப் பக்கம் என்று முடிவெடுக்க முடியாது. ஓரம் அரித்ததுபோல் புள்ளிபுள்ளியாகிவிடும். முடியின் உட்பகுதியில் ஆட்டோ மாஸ்க்கை அணைத்துவைத்து, ஓரத்துக்கு வரும்போது ஃப்ளோவை 20-க்கும் கீழே இறக்கி, நிறம் மெல்ல மங்கிப் பின்னணிக்குள் கரையும்படி விடுவதுதான் பாதுகாப்பு. பின்னணி இருட்டாக இருந்தால் யாருக்கும் தெரியாது. வெட்டவெளி வானத்தின் முன் எடுத்த படத்தில் கட்டாயம் தெரியும்.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வைத்துக்கொண்டு இதையெல்லாம் செய்யச் சொல்பவர்களும் உண்டு. அதில் பாதியைக்கூடச் செய்ய முடியாது. ஜேபெக் ஒரு சேனலுக்கு 256 படிகளையே வைத்திருக்கிறது, கருமுடி அதில் அடிமட்டத்துச் சில படிகளுக்குள் அடங்கிவிடும். போதாததற்கு, சுருக்கும்போது வெளிச்சத்தை முழு நுணுக்கத்தோடும் நிறத்தைப் பெரும்பாலும் அதைவிடக் குறைந்த நுணுக்கத்தோடும் சேமிக்கிறது. எக்ஸ்போஷரை ஏற்றியதும் முடிக்குள் சதுரம் சதுரமாகக் கட்டங்கள் கிளம்பும். இழைக்கு ஏற்றிய நிறம் பக்கத்துத் தோலில் கசியும். ரா கோப்பில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அங்கேயும் இருட்டைத் தூக்கினால் சென்ஸாரின் இரைச்சல், சிவப்பும் பச்சையுமான பொடிப் புள்ளிகளாக மேலே வரும். செறிவை ஏற்றும்போது அந்தப் புள்ளிகளுக்கும் செறிவு ஏறும்.

கருப்பைப் பொன்னிறமாக்கச் சொன்னால் என்ன செய்வது? லைட்ரூமில் அது நடக்காது. அழகுநிலையத்திலேயே கருமுடிக்கு நேரடியாகப் பொன்னிறம் போட முடியாதே! முதலில் பெராக்சைடு கலந்த ப்ளீச்சால் மெலனினைச் சிதைத்து முடியை வெளுக்க வைத்து, அதற்குப் பிறகுதான் நிறம் போடுகிறார்கள். அந்த வெளுப்பில் வெளிச்சம் இழைக்குள் புக வழி பிறக்கிறது. ஓர் இழை அடுத்த இழைக்கு வெளிச்சம் கடத்துகிறது, முடிக்கற்றையின் உட்பகுதி ஒளிர்கிறது, பின்னாலிருந்து வெயில் அடித்தால் ஓரமெல்லாம் மின்னுகிறது. கருமுடியைப் படமெடுத்தபோது அந்த வெளிச்சம் எதுவும் கேமராவுக்கு வரவே இல்லை. எக்ஸ்போஷர் ஸ்லைடர் பதிவானதைப் பெருக்கும், பதிவாகாததைக் கொண்டுவராது. நான்கு ஸ்டாப் ஏற்றினால் கிடைப்பது புழுதி படிந்த சாம்பல் நிற முடி. அதற்கு மஞ்சள் பூசினால் காய்ந்த வைக்கோல்.

போட்டோஷாப்புக்குப் போனால் சில கதவுகள் திறக்கும். ஓரத்து இழைகளைப் பிரித்தெடுக்க செலக்ட் அண்ட் மாஸ்க் இருக்கிறது. வெளிச்சத்தைத் தொடாமல் நிறத்தை மட்டும் ஏற்ற, கலர் என்ற கலப்பு முறையில் ஒரு லேயர் போடலாம். இருட்டுக்கு ஒரு நிறம், நடுவெளிச்சத்துக்கு ஒரு நிறம், பளபளப்புக்கு ஒரு நிறம் என்று கிரேடியன்ட் மேப்பில் தனித்தனியாகக் கொடுக்கலாம். உண்மையான முடி நடந்துகொள்வதற்கு மிக நெருக்கமான வழி இதுதான். செம்பழுப்பு, செம்பு நிறம் வரை அங்கே நம்பும்படி செய்துவிடலாம். பொன்னிறத்துக்கு அதுவும் போதாது. இழை இழையாகக் கையால் வரைய வேண்டியிருக்கும். அது திருத்தம் அல்ல, ஓவியம். அதற்குரிய நேரத்தையும் கூலியையும் முன்கூட்டியே பேசிக்கொள்வது இருவருக்கும் நல்லது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் கலர் எனக்கு எடுபடுமா என்று பார்ப்பதற்காகத் திருத்திய படத்தை அழகுநிலையத்துக்கு எடுத்துப்போய், இதேபோல் வேண்டும் என்று கேட்காதீர்கள். அந்தப் படத்தில் இருப்பது சாயம் ஏறிய முடி அல்ல.

படமெடுப்பதற்கு முன்பே நிறம் மாற்றப் போகிறோம் என்று தெரிந்தால் வேலையில் பாதி அப்போதே முடிந்துவிடும். ராவில் எடுங்கள். முடிக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ ஒரு விளக்கைக் கூடுதலாக வையுங்கள். முடியின் நிழல் பகுதியிலும் ஹிஸ்டோகிராம் இடது சுவரில் ஒட்டாமல் இருக்கிறதா என்று பாருங்கள். முடியோரத்துக்குப் பின்னால் வெள்ளைச் சுவரோ வானமோ வராமல், சற்றே இருண்ட பின்னணியைத் தேர்ந்தெடுங்கள். பூவை நிறம் மாற்றாத படங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளரும், முடி நிறம் மாற்ற ஆசை இருந்தால் ஆல்பம் தேர்ந்தெடுக்கும் நாளில் அல்ல, படமெடுக்கும் நாளன்றே போட்டோகிராஃபரிடம் சொல்லிவிடுங்கள்.